சரியாக ஒரு கிலோ

சுங்கை சிப்புட்டில் மசாலாத் தூள் விற்கும் அக்கா ஒருவருக்கு நான்தான் இணையக் கடை செய்து கொடுத்தேன். ஈப்போவிலிருந்து கோலகங்சார் போகும் பழைய சாலையில் இருக்கும் ஊர். சுற்றிலும் ஒரு காலத்தில் பால்மரம், இப்போது பெரும்பாலும் செம்பனை. தோட்டத்து லயத்தில் இருந்த நாளிலேயே அக்கா மிளகாயும் மல்லியும் வறுத்து அரைத்து அக்கம்பக்கத்துக்குக் கொடுப்பார். டவுனுக்கு வந்த பிறகு பசார் மாலாமில் மேசை போட்டார். பிறகு பிள்ளைகள் வேலைக்குப் போன ஊர்களில் இருந்தெல்லாம் கேட்க ஆரம்பித்ததும் கூரியரில் அனுப்பத் தொடங்கினார். இறைச்சி மசாலா, மீன் மசாலா, ரசப்பொடி. 100 கிராம், 250 கிராம், 500 கிராம் என்று மூன்று அளவுப் பாக்கெட்டுகள். அளவுகளை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், சிக்கலே அங்கேதான் இருந்தது.

அனுப்புக் கட்டணத்தை எடைப்படி அடுக்கு அடுக்காக வைத்திருந்தோம். தீபகற்பத்துக்கு 1 கிலோ வரை 8 வெள்ளி, 2 கிலோ வரை 11, 3 கிலோ வரை 14, இப்படியே 5 கிலோ வரை. சபா, சரவாக்கிற்கு 1 கிலோ வரை 15, 2 கிலோ வரை 25. கடைப் பக்கத்தில் 'பொருளின் எடை 1 கிலோ வரை' என்று தமிழிலும் மலாயிலும் எழுதியிருந்தது. அந்த 'வரை' என்ற சொல்லை எழுதியது அக்கா. அதை நிரலாக்கியது நான்.

ஒரு தீபாவளிக்கு மூன்று வாரம் முன்பு சரவாக்கின் மிரியிலிருந்து ஓர் ஆசிரியை வாட்ஸ்அப்பில் எழுதினார். அரைக் கிலோப் பாக்கெட் இரண்டு எடுத்தேன், ஒரு கிலோதானே, ஏன் 25 வெள்ளி கேட்கிறது? அக்கா அதை எனக்கு அனுப்பி, "தம்பி, இந்த டீச்சர் கணக்குல கெட்டி போல, கொஞ்சம் பாத்துச் சொல்லு" என்றார்.

நான் உடனே பார்க்கவில்லை. ஊர் எல்லையைத் தேர்ந்தெடுப்பதில் அவர் ஏதோ தவறு செய்திருப்பார் என்று நினைத்தேன். அன்றிரவுதான் நானே கூடையில் இரண்டு அரைக் கிலோப் பாக்கெட்டைப் போட்டு, தீபகற்ப முகவரி கொடுத்துப் பார்த்தேன். 8 வெள்ளி வர வேண்டிய இடத்தில் 11 வந்தது. சரி, அடுக்கில் ஏதோ பிழை. நான்கு கால் கிலோப் பாக்கெட் போட்டேன். 11. பத்து 100 கிராம் பாக்கெட் போட்டேன். 8.

மூன்றுமே ஒரு கிலோதான். ஒன்றுக்கு மட்டும் சரியான விலை எப்படி வருகிறது என்பது புரியாமல் அரை மணி நேரம் போனது. சரியாக வருவதும் ஒரு பிழையின் தயவால் என்று அப்போது தெரியாது.

நிரல் இதுதான். இரண்டு வருடம் முன்பு நான் எழுதியது, பழியை வேறு யார் மீதும் போட முடியாது.

```js
function postage(kg, rates) {
  for (const r of rates) {
    if (kg < r.limit) return r.price;
  }
}
```

அடுக்குகளை மேலிருந்து வரிசையாகப் பார்க்கிறது. கூடையின் எடை அடுக்கின் எல்லையை விடக் குறைவாக இருந்தால் அந்த விலை. 'குறைவாக இருந்தால்' என்பதுதான் குறி. 1 கிலோ என்பது 1 கிலோவை விடக் குறைவு இல்லை. ஆகவே முதல் அடுக்கைத் தாண்டி இரண்டாவதில் போய் விழுகிறது. பக்கத்தில் எழுதிய 'வரை' அந்த ஒரு கிலோவையும் சேர்த்துக்கொள்ளும் சொல். நிரலில் இருந்த `<` அதை வெளியே தள்ளும் குறி. `<=` என்று இருந்திருக்க வேண்டும். நிரல் எழுதுகிறவர்கள் இதை 'ஒன்று பிசகு' வகைப் பிழை என்பார்கள். வேலி நட வந்தவன் கடைசிக் கம்பத்தை எண்ணாமல் போவது போன்றது.

இந்த வகைப் பிழையில் ஒரு தோற்றமயக்கம் உண்டு. எடை என்பது தொடர்ச்சியான ஒன்று, தராசில் எந்தப் பொட்டலமும் சரியாக 1.000 காட்டாது, ஆகவே எல்லைக் கோட்டின் மேல் யாரும் வந்து நிற்கப் போவதில்லை என்று தோன்றும். தராசுக்கு அது உண்மை. ஆனால் என் நிரல் தராசைப் பார்க்கவில்லை, பாக்கெட்டின் மேல் அச்சிட்ட எடையைக் கூட்டியது. 100, 250, 500 என்று வட்டமான எண்களைக் கூட்டினால் 1 கிலோ, 2 கிலோ என்பவை அபூர்வமான புள்ளிகள் இல்லை, மக்கள் வழக்கமாக வந்து நிற்கும் இடங்கள். 'ஒரு கிலோ அனுப்புங்க' என்றுதான் எல்லாரும் கேட்பார்கள். 'ஒரு கிலோ பத்து கிராம்' என்று யார் கேட்பார்? கட்டணம் எந்தப் புள்ளியில் தப்பாக இருந்ததோ, அந்தப் புள்ளியில்தான் கூட்டம் அதிகம்.

நான் ஆரம்பத்தில் சோதித்துப் பார்க்காமல் இல்லை. அரைக் கிலோ, ஒன்றரைக் கிலோ, இரண்டரைக் கிலோ போட்டுப் பார்த்திருக்கிறேன். எல்லாம் சரியாக வந்தது. மூன்றும் அடுக்கின் நடுவில் இருக்கும் எண்கள். நடுவில் `<` என்றாலும் `<=` என்றாலும் பதில் ஒன்றுதான். இரண்டையும் பிரித்துக் காட்டும் எண் எல்லையில் மட்டுமே இருக்கிறது.

இப்போது அந்தப் பத்துப் பாக்கெட். கூடை ஒவ்வொரு பாக்கெட்டாக எடையைக் கூட்டிக்கொண்டு போகும், எடை கிலோவில் தசம எண்ணாக இருந்தது: 0.5, 0.25, 0.1. கணினி இவற்றை அரை, கால், அரைக்கால் என்று பாதி பாதியாக உடைத்து வைத்துக்கொள்ளும். அரையும் காலும் அப்படி மிச்சமில்லாமல் உடையும். 0.1 உடையாது, மூன்றில் ஒன்றைத் தசமத்தில் எழுதினால் 0.333 என்று நீளுமே, அந்த மாதிரி. எங்கோ ஓரிடத்தில் வெட்டித்தான் வைக்க வேண்டும். ஒன்றைக் கூட்டும்போது தெரியாது, பத்து முறை கூட்டினால் தெரியும். உலாவியின் கன்சோலில் 0.1-ஐப் பத்து முறை கூட்டினேன்:

```
0.9999999999999999
```

இது 1-ஐ விடக் குறைவு. ஆகவே `<` ஒத்துக்கொண்டது, முதல் அடுக்கு, 8 வெள்ளி. ஒரு பிழை இன்னொரு பிழையை ரத்து செய்து சரியான விலை வந்திருக்கிறது. இதைவிட வேடிக்கை, கூடையில் எதை முதலில் போடுகிறோம் என்பதே விலையை மாற்றியது. அரைக் கிலோப் பாக்கெட்டை முதலில் போட்டு அதன் மேல் ஐந்து 100 கிராம் போட்டால் மீண்டும் 0.9999999999999999, விலை 8. ஐந்து சின்னப் பாக்கெட்டை முதலில் போட்டால் அவை சரியாக 0.5 ஆகி, அப்புறம் அரைக் கிலோவைச் சேர்க்கும்போது 1 ஆகிவிடும், விலை 11. அதே பொருள், அதே முகவரி. வாடிக்கையாளர் இதைச் சொல்லியிருந்தால் நான் நம்பியிருக்க மாட்டேன்.

`<`-ஐ `<=` ஆக்கிவிட்டுத் தூங்கப் போகலாம் என்று ஒரு நிமிடம் நினைத்தேன். நல்லவேளையாக இருபது 100 கிராம் பாக்கெட்டையும் போட்டுப் பார்த்தேன். 2 கிலோவுக்குக் கூட்டுத்தொகை 2.0000000000000004 என்று வந்தது. இது 2-ஐ விட ஒரு துளி அதிகம். `<=` போட்டாலும் ஒத்துக்கொள்ளாது, மூன்றாவது அடுக்குக்குப் போய்விடும். பத்துப் பாக்கெட்டில் கீழே சாய்ந்த எண் இருபதில் மேலே சாய்கிறது. குறியை மட்டும் திருத்தியிருந்தால் ஒரு கிலோக்காரர்களின் புகார் நின்று, ரசப்பொடியாக வாங்கும் இரண்டு கிலோக்காரர்களின் புகார் அப்படியே இருந்திருக்கும். அதைப் பிடிப்பது இன்னும் கடினம். ஆகவே எடையைக் கிலோவில் வைக்கும் வழக்கத்தையே விட்டு, எல்லாவற்றையும் கிராமில் முழு எண்ணாக மாற்றினேன். 100-ஐ இருபது முறை கூட்டினால் 2000, அவ்வளவுதான், சாய்வதற்கு இடமில்லை.

அந்த நிரலில் இன்னொரு ஓட்டையும் இருந்தது. கடைசி அடுக்கு 5 கிலோ. சரியாக 5 கிலோ வந்தால் எந்த வரியும் ஒத்துக்கொள்ளாது, எந்த விலையையும் திருப்பிக் கொடுக்காமல் வெளியே வந்துவிடும். இல்லாத விலையைப் பொருளின் விலையோடு கூட்டினால் திரையில் 'எண் அல்ல' என்ற பொருளில் `RM NaN` என்று வரும். அக்காவிடம் கேட்டேன், பத்து அரைக் கிலோப் பாக்கெட் ஆர்டர் ஏதாவது வந்திருக்கிறதா என்று.

"அதெல்லாம் வெப்சைட்ல வராது தம்பி. கோயில் திருவிழாக்காரங்க, கல்யாணக்காரங்க எல்லாம் நேரா வாட்ஸ்அப்தான். வெப்சைட்ல என்னமோ நான், நான்னு வருதாம்."

இரண்டு வருடமாக அது அறிகுறியாகத் திரையில் நின்றிருக்கிறது. பெரிய ஆர்டர் என்றால் மக்கள் பேசி வாங்கத்தான் விரும்புவார்கள் என்று நாங்களே ஒரு காரணம் சொல்லிக்கொண்டோம்.

இவ்வளவும் கண்டுபிடித்த பிறகு வேலை முடிந்தது என்று நினைத்தேன். எத்தனை பேரிடம் அதிகமாக வாங்கினோம், எவ்வளவு திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று கணக்கெடுக்க அக்காவின் வீட்டுக்குப் போனேன். அவர் கூரியர் ரசீதுகளை ஒரு பிஸ்கட் டின்னில் மாதவாரியாக ரப்பர் போட்டு வைத்திருந்தார். வாடிக்கையாளரிடம் 11 வாங்கி, கூரியருக்கு 8 கொடுத்திருப்போம், வித்தியாசம் 3 வெள்ளி நம் கையில் நின்றிருக்கும், அதைத் திருப்பினால் போதும் என்பது என் கணக்கு.

ரசீதுகள் வேறு சொல்லின. இரண்டு அரைக் கிலோ அனுப்பிய ஒவ்வொரு முறையும் கூரியர் இரண்டாவது அடுக்கைத்தான் வாங்கியிருக்கிறது. மிரி டீச்சரின் பொட்டலத்துக்கும் அப்படியே. நம் கையில் ஒரு சென்னும் நிற்கவில்லை.

அக்காவின் தராசைக் கேட்டு வாங்கினேன். '500 கிராம்' பாக்கெட் உறையோடு 509 கிராம். கால் கிலோப் பாக்கெட் 255. 100 கிராம் பாக்கெட் 104. எல்லாவற்றையும் போட்டு ஒட்டும் கூரியர் பை, உள்ளே வைக்கும் குமிழ்த்தாளுடன், 30 கிராம். ஆக இரண்டு அரைக் கிலோப் பாக்கெட் கூரியர் முகப்பில் 1,048 கிராம். அவர்கள் விதியும் 'ஒரு கிலோவுக்கு மேற்படாதது' என்பதுதான், ஒரு கிலோவைச் சேர்த்துக்கொள்ளும் விதி. ஆனால் அவர்கள் அளப்பது பொட்டலத்தை, நாங்கள் எண்ணியது உள்ளே இருக்கும் தூளை.

அதாவது என் கடையில் இரண்டு பிழைகள் இருந்தன. பொதியின் எடையைக் கணக்கில் சேர்க்காதது ஒன்று, எல்லையில் ஒப்பீடு பிசகியது ஒன்று. சரியாக ஒரு கிலோ தூள் என்ற அந்த ஒரே புள்ளியில் இரண்டாவது பிழை முதல் பிழையை மூடி மறைத்துவிட்டது. கடைக்கு நட்டம் தெரியவில்லை, ஆகவே யாரும் தேடவில்லை. ஒப்பீட்டை மட்டும் திருத்தி விட்டிருந்தால் அடுத்த வாரத்திலிருந்து ஒவ்வொரு ஒரு கிலோ ஆர்டருக்கும் தீபகற்பத்தில் 3 வெள்ளி, சரவாக்கில் 10 வெள்ளி அக்கா கைவிட்டுப் போயிருக்கும். அதுவும் தீபாவளி மாதத்தில்.

புள்ளிக்குச் சற்றுக் கீழே அந்த நட்டம் ஏற்கெனவே நடந்துகொண்டுதான் இருந்தது. ஒரு ரசீதைத் தனியாக எடுத்து வைத்தேன்: அரைக் கிலோ ஒன்று, கால் கிலோ ஒன்று, 100 கிராம் இரண்டு. தூள் 950 கிராம், நாங்கள் வாங்கியது 8 வெள்ளி. உறைகளோடு 972, பையோடு 1,002. கூரியர் வாங்கியது 11. இரண்டு கிராமுக்கு 3 வெள்ளி. இந்த மாதிரி ஆர்டர் குறைவு என்பதால் டின்னுக்குள் யார் கண்ணிலும் படாமல் கிடந்தது. வட்டமான எண்ணில் மக்கள் நிற்கிறார்கள் என்று மேலே சொன்னேனே, அதன் மறுபக்கம் இது.

டீச்சர் விஷயத்தில் என்ன செய்வது என்று கொஞ்சம் பேசினோம். கூரியர் உண்மையிலேயே 25 அடுக்கைத்தான் வாங்கியது, ஆகவே அவர் கட்டியது நியாயமான தொகைதான் என்று நான் வாதாடினேன். அக்கா ஒத்துக்கொள்ளவில்லை. "பொருளோட எடைன்னு நாமதானே எழுதி வெச்சோம்? அவங்களுக்கு நம்ம பை எடை எப்படித் தெரியும்? குடுத்துடு." அவர் சொன்னதுதான் சரி. பிழை நிரலில் இருந்ததா, விதியில் இருந்ததா என்பது எங்களுக்குள் இருக்கும் பிரச்சினை. எழுதி வைத்த வாக்கியத்தைப் படித்து வாங்கியவருக்கு அந்த வாக்கியம்தான் விலை.

பழைய ஆர்டர்களில் பாக்கெட் எடைகளைக் கிராமாக மாற்றி மீண்டும் கூட்டி, 1000-ஆல் மிச்சமில்லாமல் வகுபடுவதைத் தேடினேன். மாற்றும்போது ஒவ்வொரு எடையையும் ஆயிரத்தால் பெருக்கி முழு எண்ணாக வட்டமிட வேண்டும். பழைய கூட்டுத்தொகையை அப்படியே நம்பித் தேடினால் 0.9999 ஆனவை ஒரு பக்கம், 2.0000000000000004 ஆனவை இன்னொரு பக்கம் என்று நழுவிவிடும். கிடைத்தவற்றில் அதிகம் வாங்கியவர்களுக்கு மட்டும் அடுத்த ஆர்டரில் கழித்துக்கொள்ள வைத்தோம், கேட்டவர்களுக்குப் பணமாகவே அனுப்பினோம். பத்துச் சின்னப் பாக்கெட் வாங்கித் தற்செயலாகச் சரியாகக் கட்டியவர்கள் இந்தப் பட்டியலில் வரக்கூடாது, அதற்காகக் கட்டிய தொகையையும் சேர்த்துப் பார்க்க வேண்டியிருந்தது.

புதிய நிரல் இப்படி ஆனது:

```js
function postage(grams, rates) {
  for (const r of rates) {
    if (grams <= r.limit) return r.price;
  }
  throw new Error("over limit");
}
```

`grams` என்பது இப்போது தூளின் எடை இல்லை. உறையோடு தராசில் அளந்த பாக்கெட் எடைகளின் கூட்டல், அதோடு பையின் எடை. எல்லைகள் 1000, 2000 என்று கிராமில். கடைசி எல்லையைத் தாண்டினால் வாயை மூடிக்கொண்டு வெளியேறாமல் சத்தம் போடும். கடை அதைப் பிடித்து, 'பொதியுடன் 5 கிலோவுக்கு மேல், வாட்ஸ்அப்பில் பேசவும்' என்று காட்டும். திருவிழாக்காரர்கள் இன்னமும் வாட்ஸ்அப்பில்தான் வருகிறார்கள். பத்து அரைக் கிலோப் பாக்கெட் உறையோடு 5,090 கிராம், அட்டைப்பெட்டி வேறு, அடுக்குக்குள் அடங்காது. என்ன காரணம் என்று இப்போது அவர்களுக்குத் தெரிகிறது, அவ்வளவே வித்தியாசம்.

சோதனையை ஒவ்வோர் எல்லைக்கும் மூன்று எண்ணாக எழுதினேன்: 999, 1000, 1001. முதலிரண்டும் 8 தர வேண்டும், மூன்றாவது 11. இப்படியே 2000-க்கும் மற்றவற்றுக்கும், 5001-க்குப் பிழை வர வேண்டும். பழைய நிரலை இதே சோதனையில் ஓட்டினால் 1000-இல் விழுகிறது. எந்த வரியை மாற்றினாலும் இந்த மூன்றில் ஒன்றாவது பேச வேண்டும் என்பதுதான் ஏற்பாடு.

இதில் பிடிபடாத ஒன்று உண்டு. அக்கா தீபாவளிக்கு முறுக்கும் அனுப்புவார். முறுக்கு எடை குறைவு, இடம் அதிகம். அப்படிப்பட்ட பெட்டிக்குப் பல கூரியர்கள் நீளம், அகலம், உயரத்தைச் சென்டிமீட்டரில் பெருக்கி 5000-ஆல் வகுத்து வரும் எண்ணைக் கிலோவாக எடுத்துக்கொள்வார்கள், அது உண்மை எடையை விட அதிகமாக இருந்தால். 30க்கு 20க்கு 20 பெட்டி, உள்ளே எவ்வளவு குறைவாக இருந்தாலும், 2.4 கிலோ. கூட்டிப் பார்க்கும் என் நிரலுக்குப் பெட்டியின் அளவு தெரியாது. முறுக்கை இணையத்தில் விற்காமல் நிறுத்தி, ஊர்க்காரர்களுக்கு மட்டும் என்று வைத்துவிட்டோம்.

பக்கத்தில் வாக்கியத்தையும் மாற்றினோம்: 'பொதியுடன் சேர்த்து 1,000 கிராம் வரை'. கூடையில் எடை ஓடும் எண்ணாகத் தெரியும். இரண்டு அரைக் கிலோ போடுகிறவர்கள் இப்போதும் இரண்டாவது அடுக்கைத்தான் கட்டுகிறார்கள். ஆனால் ஆயிரத்தைத் தாண்டியது கண்ணுக்குத் தெரிவதால் யாரும் கேட்பதில்லை. மிரி டீச்சர் மறுபடி வாங்கினார். அதே இரண்டு அரைக் கிலோ, அதன் மேல் ரசப்பொடி ஒன்பது. மொத்தம் 1,984 கிராம், 25 வெள்ளிக்குள்.

950 கிராம் ஆர்டருக்கு அக்காவே ஒரு வழி கண்டார். அந்த இரண்டு கிராம் அவர் மனதை உறுத்திக்கொண்டே இருந்திருக்கிறது. குமிழ்த்தாள் இல்லாத மெல்லிய பை வாங்கினார், 22 கிராம். தூள்தானே, உடைய என்ன இருக்கிறது? 972-உம் 22-உம் 994. நான் நிரலில் பையின் எடையை 30-இலிருந்து 22 ஆக்கினேன்.